கிளாரித்ரோமைசின் பாணியின் கைப்பு: எதில் கலக்கலாம், எதில் கலக்கவே கூடாது

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டே முக்கால் வயது, 13 கிலோ. நெஞ்சுச் சளிக்கு டொக்டர் கிளாரித்ரோமைசின் பாணி 5 மில்லி காலையும் இரவும் ஏழு நாளைக்கு எழுதித் தந்தார். முதல் வேளை துப்பிவிட்டாள். அடுத்த வேளை தோடம்பழச் சாற்றில் கலந்து குடுத்தேன், உடனே சத்தி எடுத்தாள். நேற்றிரவு பால்போத்தலில் விட்டேன், பாதியில் தள்ளிவிட்டாள். இப்போது வெறும் பாலையும் தொடுகிறாள் இல்லை. கைப்புக் குறையும் என்று மருந்துப் போத்தலை பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். எதில் கலந்து குடுக்கலாம்? எதைக் கலக்கவே கூடாது?

பதில்:

முதல் வேலையாக அந்தப் போத்தலை பிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். கிளாரித்ரோமைசின் பாணியைக் கரைத்த பிறகு குளிரில் வைக்கக்கூடாது. குளிரில் அது தடித்துவிடும். தடித்த பாணி சிரிஞ்சில் சரியாக ஏறாது, ஏறினாலும் வாயில் பசைபோல ஒட்டி நிற்கும். உங்கள் மகள் அடுத்த வேளையையும் துப்புவதற்கு அந்த ஒன்றே போதும். வெளியே எடுத்து, ஒரு மணித்தியாலம் விட்டு, நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். பழையபடி இளகி வந்தால் பாவிக்கலாம். கட்டி கரையாமல் இருந்தால் வாங்கிய பாமசியில் காட்டிப் புதுப் போத்தலுக்கு மாறுவதுதான் நல்லது. இனி அதை வெயில் படாத, அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு அலுமாரித் தட்டில் வையுங்கள். கரைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் பாவித்து முடிக்க வேண்டும். கரைத்த திகதியைப் போத்தலில் எழுதிவிடுங்கள்.

இனி, தோடம்பழச் சாறு ஏன் உதவாமல் போனது என்பதைச் சொல்கிறேன். அது விளங்கினால் எதில் கலக்கலாம், எதில் கூடாது என்ற கேள்விக்கு நீங்களே பாதி விடை கண்டுவிடுவீர்கள்.

இந்தப் பாணியை ஒரு துளி விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மிக நுண்ணிய மணல்போல நெருடும். அந்தத் துகள்கள்தான் மருந்து. கிளாரித்ரோமைசின் இயல்பிலேயே பயங்கரக் கைப்பு. சீனியும் பழவாசனையும் எவ்வளவு போட்டாலும் அதை மூட முடியாது. அதனால் தயாரிப்பவர்கள் மருந்தைத் துகளாக்கி, ஒவ்வொரு துகளுக்கும் மேலே ஒரு மெல்லிய பூச்சுப் பூசி, அந்தத் துகள்களை இனிப்புப் பாணியில் மிதக்க விடுகிறார்கள். பூச்சு உடையாமல் தொண்டையைத் தாண்டினால் பிள்ளைக்குத் தெரிவது இனிப்பும் கொஞ்சம் நெருடலும் மட்டுமே. பூச்சிலிருந்து மருந்து கசிந்தால் உண்மையான கைப்பு வெளியே வரும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது கைப்பை இனிப்பால் வெல்வது அல்ல. பாணி வாயில் இருக்கும் அந்த அரை நிமிடமும் துகள் கரையாமல், நசியாமல் போகும்படி பார்த்துக்கொள்வதுதான்.

கிளாரித்ரோமைசின் காரத்தன்மை உள்ள மருந்து. அப்படிப்பட்டவை புளிப்பில் நன்றாகக் கரையும். தோடம்பழச் சாறு புளிப்பு. கலந்ததும் துகளிலிருந்து மருந்து சாற்றுக்குள் இறங்கத் தொடங்கிவிடும். மகள் குடித்தது கைப்பான மருந்து கரைந்த சாறு. வெறும் பாணியைவிட அது மோசமாக இருந்ததில் வியப்பில்லை. கலந்து வைத்துவிட்டு அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டு நின்ற ஒவ்வொரு நிமிடமும் கைப்பு ஏறியிருக்கும்.

இதே காரணத்தால் தேசிக்காய்த் தண்ணீர், அன்னாசிச் சாறு, பெஷன் சாறு, சோடா எதுவும் வேண்டாம். யோகட்டும் தயிரும் பலரும் தவறும் இடம். பால்ப்பொருள்தானே, கெட்டியாக இருக்கிறதே, கைப்பை மூடுமே என்று தோன்றும். ஆனால் இரண்டும் புளிக்கவைத்தவை. மருந்தைப் பொறுத்தவரை சாற்றுக்கும் தயிருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தயிரில் கித்துள் பாணி விட்டால் நாக்குக்குப் புளிப்புத் தெரியாமல் போகும், புளிப்பு அங்கேயேதான் இருக்கும். செவ்விளநீரும் மெல்லிய புளிப்பு உடையது. மருந்து விழுங்கிய பிறகு குடிக்கக் குடுங்கள், மருந்தை அதில் கலக்காதீர்கள்.

சூடும் ஆகாது. வெந்நீர், சூடான பால், சூடான மோல்ட் பானம், தேநீர் எதிலும் விடவேண்டாம். துகளைக் கரண்டியால் நசுக்குவது, பிளெண்டரில் அடிப்பது எல்லாம் பூச்சை உடைக்கும் வேலைகள்; வடிகட்டினால் மருந்தே வடியில் தங்கிவிடும். அதே மருந்தைக் குளிசையாக வாங்கிப் பொடித்துக் குடுக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொடித்த குளிசையில் கைப்பை மறைக்க எதுவும் இல்லை, 13 கிலோ பிள்ளைக்குச் சரியான அளவும் பிரிக்க வராது.

பால்போத்தலில் விட்டதன் சிக்கல் வேறு. பால் புளிப்பில்லாதது, இந்த மருந்தைப் பாலோடு குடுக்கத் தடையும் இல்லை. பிழை அளவில்தான். 5 மில்லி மருந்தை 150 மில்லி பாலில் விட்டால், முழு 150 மில்லியும் உள்ளே போனால்தான் ஒரு வேளை முழுமையாகும். பிள்ளை பாதியில் விட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியாது. துகள்கள் அடியில் தங்கும், சூப்பியிலும் ஒட்டும், ஆகவே பாதிப் பால் என்பது பாதி மருந்தும் அல்ல. அதைவிடப் பெரிய நட்டம், அவள் தினமும் நம்பிக் குடிக்கும் ஒரு உணவைச் சந்தேகிக்கத் தொடங்கியது. நோயுள்ள பிள்ளைக்குப் பாலும் நின்றுபோவது மருந்து நிற்பதற்குச் சமமான தொல்லை. சோற்றில், இடியப்பத்தில், வழக்கமான பாலில் ஒருபோதும் மருந்து ஒளிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். கலப்பதென்றால் அவள் அன்றாடம் சாப்பிடாத ஒன்றில், ஒன்றிரண்டு கரண்டிக்குள் முடியும்படி கலக்க வேண்டும்.

சரி, எப்படிக் குடுப்பது? கலக்காமல் நேராகக் குடுப்பதையே முதலில் முயன்று பாருங்கள். கலந்தால் அளவு பெருகும், நேரம் நீளும். 5 மில்லி என்பது ஐந்தாறு சிறு மிடறு. ஒழுங்காகச் செய்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பாமசியில் மருந்து பருக்கும் சிரிஞ்ச் கேளுங்கள், 5 மில்லி அளவு. அது இல்லையென்று ஊசி போடும் சிரிஞ்சைத் தந்தால், ஊசியையும் அதன் நுனியில் இருக்கும் சின்ன மூடியையும் வீட்டுக்கு வந்ததும் எறிந்துவிடுங்கள். அந்த மூடி கழன்று தொண்டையில் சிக்கிப் பிள்ளைகள் மூச்சுத் திணறிய சம்பவங்கள் உண்டு. சமையலறைத் தேக்கரண்டி அளவுக்கு ஆகாது. ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு அளவு, அதோடு உதறும் பிள்ளையின் வாய்க்கு வருமுன் பாதி சிந்திவிடும்.

போத்தலைத் தலைகீழாகவும் நேராகவும் நன்றாகக் குலுக்குங்கள், குலுக்கிய கையோடு சிரிஞ்சில் எடுங்கள். துகள்கள் கொஞ்ச நேரத்திலேயே அடியில் படியும். குலுக்காமல் எடுத்தால் முதல் நாட்களில் பிள்ளைக்குப் போவது வெறும் இனிப்புப் பாணி, கடைசி நாட்களில் போவது மணல்போன்ற தடித்த மருந்து. "முதலில் குடித்தாள், நாலாம் நாளிலிருந்துதான் மறுக்கிறாள்" என்று ஒரு வீட்டில் சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி போத்தலைக் குலுக்கினீர்களா என்பதுதான். சிரிஞ்சில் எடுத்த பிறகும் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், நுனியில் துகள் அடைத்துக்கொள்ளும்.

சிரிஞ்சைக் கையில் எடுக்குமுன் மற்றதெல்லாம் தயாராக இருக்க வேண்டும்: ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி சொக்லட் ஐஸ்கிரீம், ஒரு கோப்பை தண்ணீர், ஒரு துவாய். முதலில் ஒரு சின்னக் கரண்டி ஐஸ்கிரீமை அவளுக்குக் குடுங்கள். இது லஞ்சம் இல்லை. குளிர் நாக்கின் சுவை உணர்வை மந்தமாக்கும், ஐஸ்கிரீமில் உள்ள கொழுப்பு நாக்கிலும் அண்ணத்திலும் ஒரு படலமாகப் படியும். குளிர வேண்டியது போத்தல் அல்ல, வாய். ஐஸ்கிரீம் இல்லையென்றால் சொக்லட் ஸ்பிரெட், டின்பால், பட்டர் இவற்றில் ஒன்றை நாக்கில் மெல்லியதாகத் தடவினாலும் போதும். கச்சான் பட்டரும் நன்றாக வேலை செய்யும், ஆனால் அவள் முன்பு கச்சான் சாப்பிட்டு எதுவும் வராமல் இருந்தால் மட்டும். நோயோடு இருக்கும் நாளில் புது உணவைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். ஐஸ் கட்டியை வாயில் போட்டு உறிஞ்ச விடாதீர்கள், இந்த வயதில் அது தொண்டையில் அடைக்கும்.

அவளை மடியில் நிமிர்ந்து இருத்துங்கள். அவளுடைய ஒரு கை உங்கள் முதுகுக்குப் பின்னால் போகட்டும், மற்றக் கையை உங்கள் இடது கையால் அணைத்துக்கொள்ளுங்கள், தலை உங்கள் தோளில் சாயட்டும். படுக்கவைத்தோ தலையைப் பின்னால் மடக்கியோ ஒருபோதும் குடுக்காதீர்கள். சிரிஞ்சின் நுனியை நேரே தொண்டைக்குக் காட்டாமல், கடைவாய்ப் பக்கம், கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் வையுங்கள். ஒரு மில்லி அளவு தள்ளுங்கள், நிறுத்துங்கள், விழுங்கியதைப் பாருங்கள், பிறகு அடுத்தது. நாக்கின் நடுவில் விட்டால் துகள் முழுவதும் சுவை மொட்டுக்களில் பரவும், துப்புவதும் சுலபம். கன்னப்பக்கம் விட்டால் அது வழுக்கிக்கொண்டு பின்னால் போகும். ஐந்து மில்லியையும் ஒரே அமுக்கில் தள்ளினால் ஓங்காளம் வரும், சிலவேளை மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும்.

அவள் வீரிட்டு அழும்போது நிறுத்துங்கள். அழுது மூச்சிழுக்கும் வாயில் ஊற்றும் மருந்து சுவாசப்பைக்குப் போகக்கூடும். மூக்கைப் பொத்தி வாயைத் திறக்கவைக்கும் பழைய வழக்கம் இதனால்தான் ஆபத்தானது. ஏற்கெனவே நெஞ்சில் சளியுள்ள பிள்ளைக்கு அது இன்னும் கூடாது. இரண்டு நிமிடம் விட்டு, அழுகை அடங்கியதும் தொடருங்கள்.

கடைசி மில்லி விழுங்கியதும் தாமதிக்காமல் மீதி ஐஸ்கிரீம், அதன் பின் இரண்டு மூன்று மிடறு தண்ணீர். பலர் விடும் பகுதி இதுதான், ஆனால் இந்த மருந்துக்கு மிக முக்கியமான பகுதியும் இதுதான். பல்லிடுக்கிலும் கன்னத்திலும் தங்கிய துகள்கள் உமிழ்நீரில் ஊறி, ஐந்து பத்து நிமிடம் கழித்துக் கசியத் தொடங்கும். விழுங்கிவிட்டாள் என்று நீங்கள் ஆறுதலடைந்த பிறகு திடீரென்று முகம் சுளித்துச் சத்தி எடுப்பது இதனால்தான். ஏதாவது சாப்பிட்டுக் குடித்து வாய் கழுவுப்பட்டுவிட்டால் அது நடக்காது. வாழைப்பழமும் நல்லது, ஆனால் புளிவாழை வேண்டாம், கோழிக்கூட்டுபோல இனிப்பான இனமாகப் பாருங்கள்.

இப்படிச் செய்தும் முடியவில்லை என்றால் கலந்து குடுக்கலாம். சொக்லட் ஐஸ்கிரீம் இரண்டு தேக்கரண்டி ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, 5 மில்லி மருந்தைச் சிரிஞ்சால் அளந்து அதன்மேல் விட்டு, நசுக்காமல் மெதுவாகக் கிளறுங்கள். கலந்த உடனேயே குடுக்க வேண்டும். கொழும்புச் சூட்டில் அது நாலைந்து நிமிடத்தில் உருகிப் பாயசமாகிவிடும். அதற்குமேல் கலந்து வைத்தது எந்தச் சுவையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் கரண்டி மருந்தில்லாத ஐஸ்கிரீம், நடுவில் மருந்து கலந்தது, கடைசிக் கரண்டியும் மருந்தில்லாதது. கிண்ணத்தில் ஒட்டியதை இன்னும் அரைக்கரண்டி ஐஸ்கிரீமால் வழித்து அதையும் குடுங்கள், அங்கே ஒட்டியிருப்பதும் மருந்துதான். டின்பாலிலும் இதே முறையில் ஒரு மேசைக்கரண்டி அளவில் கலக்கலாம். சொக்லட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அதற்கே இயல்பாகக் கொஞ்சம் கைப்பு இருப்பதால், மருந்திலிருந்து கசியும் சிறு கைப்பு அதோடு சேர்ந்து அந்நியமாகத் தெரியாது. வனிலாவில் அது தனித்துத் தெரியும், ஸ்ட்ரோபெரியில் பழப்புளிப்பும் சேரலாம். இனிப்பு என்று மட்டும் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள்.

மருந்தை "டொபி", "இனிப்பு" என்று சொல்லிக் குடுக்க வேண்டாம். மருந்து என்றே சொல்லுங்கள், கைக்கும் என்றும் சொல்லுங்கள், உடனே ஐஸ்கிரீம் வரும் என்றும் சொல்லுங்கள். இரண்டே முக்கால் வயதுக்கு இது விளங்கும். ஒருமுறை ஏமாற்றினால் அடுத்த பதின்மூன்று வேளையும் அவள் வாயை இறுக்கிக்கொள்வாள். இனிப்பு என்று பழக்கிய பிள்ளை பிறகு தானே போத்தலைத் தேடி எடுத்துக் குடிப்பதும் நடக்கும்.

தேன் பற்றி ஒன்று. உங்கள் மகளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டதால் தடையில்லை. ஆனால் வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால், அதற்கு எந்த மருந்தையும் தேனில் குழைத்துக் குடுக்காதீர்கள், ஒரு துளிகூட. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். தசைகள் தளர்ந்து, பால் உறிஞ்சமுடியாமல் போய், மூச்சே நிற்கும் நிலை வரலாம். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. நல்ல தேன், மலைத்தேன், வீட்டுத் தேன் என்ற பேதம் இதில் இல்லை. மருந்தைத் தேனில் குழைப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி இன்னொரு கலப்பு, கிண்ணத்தில் நடக்காமல் வயிற்றில் நடப்பது. மருந்தைச் சத்தி எடுக்கும் பிள்ளைக்கு, போனமுறை மிஞ்சிய சத்திப் பாணி பிரிட்ஜில் இருக்கிறதே என்று அதில் ஒரு கரண்டி முதலில் குடுத்துவிட்டுப் பிறகு அன்டிபயோட்டிக் குடுக்கும் எண்ணம் எந்த அம்மாவுக்கும் வரும். அந்தப் பாணி பெரும்பாலும் டொம்பெரிடோன். கிளாரித்ரோமைசின் எடுக்கும் நாட்களில் டொம்பெரிடோன் குடுக்கவே கூடாது. கிளாரித்ரோமைசின் ஈரலில் டொம்பெரிடோனை உடைக்கும் வேலையைத் தடுக்கிறது, அதனால் டொம்பெரிடோன் உடம்பில் தேங்குகிறது. இரண்டுமே இதயத்தின் மின்துடிப்பைக் குழப்பக்கூடியவை. சேர்ந்தால் இதயம் தாளம் தப்பித் துடிக்கும் அபாயம் உண்டு. போத்தலில் வியாபாரப் பெயர் பெரிதாக இருக்கும், கீழே சின்ன எழுத்தில் Domperidone என்று இருக்கிறதா என்று பாருங்கள். இழுப்புக்கு Theophylline பாணியோ வலிப்புக்கு Carbamazepine மருந்தோ அவள் எடுத்துக்கொண்டிருந்தால், அதையும் இன்றே டொக்டரிடம் சொல்லுங்கள், கிளாரித்ரோமைசின் அவற்றின் அளவையும் இரத்தத்தில் கூட்டும். காய்ச்சலுக்குக் குடுக்கும் பரசிற்றமோல் பாணி பிரச்சினையில்லை, ஆனால் ஒரே சிரிஞ்சில் இரண்டையும் சேர்த்து எடுக்காதீர்கள். தனித்தனியாக, கொஞ்ச நேரம் விட்டுக் குடுங்கள்.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஏழு நாள், நாளுக்கு இரண்டு வேளை: 14 வேளை, 70 மில்லி. வாங்கிய போத்தல் 60 மில்லி என்றால் பன்னிரண்டு வேளைக்குத்தான் காணும், துப்பியதும் சிந்தியதும் போக அதுவும் காணாது. ஆகவே முடியுமுன் இரண்டாவது போத்தலை வாங்கி வையுங்கள், ஆனால் கரைக்காமல் வையுங்கள். கரைக்கும்போது கொதித்தாறிய தண்ணீரே வேண்டும், ஆறாத தண்ணீர் பூச்சைக் கெடுக்கும். முதலில் போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்துவிட்டு, குறியீட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். நுரை அடங்கிய பிறகு மட்டம் குறியீட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும், குறியீடு வரை மீண்டும் விட்டு இன்னொருமுறை குலுக்குங்கள். நுரையை மட்டமென்று எண்ணினால் தண்ணீர் குறைந்து மருந்து செறிவாகும். குறியீட்டைத் தாண்டி விட்டால் ஒவ்வொரு வேளையும் நீர்த்துப்போகும். லேபிளில் தண்ணீரின் அளவு மில்லியில் போட்டிருந்தால் சிரிஞ்சால் அளந்தே விடுங்கள். இரண்டாவது போத்தல் வேறு கம்பனியாக இருந்தால் 5 மில்லிக்கு 125 மில்லிகிராமா 250 மில்லிகிராமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வகையும் உண்டு. பூச்சின் தரமும் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஒன்று தாங்கக்கூடியதாகவும் மற்றது வாயில் வைக்கமுடியாததாகவும் இருக்கலாம். அப்படியென்றால் வேறு தயாரிப்பு இருக்கிறதா என்று பாமசிக்காரரிடம் கேளுங்கள்.

சத்தி எடுத்தால் மீண்டும் குடுப்பதா? விழுங்கி அரைமணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் அதே வேளையை ஒருமுறை திரும்பக் குடுங்கள், வயிறு கொஞ்சம் அடங்கிய பிறகு. அரைமணித்தியாலம் தாண்டிவிட்டால் வேண்டாம், அடுத்த வேளை வரை காத்திருங்கள். திரும்பக் குடுத்ததையும் சத்தி எடுத்தால் மூன்றாம் முறை குடுக்காமல் டொக்டரிடம் கேளுங்கள். பாதி துப்பிவிட்டாள், எவ்வளவு என்று தெரியாது என்றால் திரும்பக் குடுக்க வேண்டாம். அடுத்த வேளையை இரட்டிப்பாக்கவும் வேண்டாம். உங்கள் மகளுக்கு இதுவரை சரியாகப் போனது ஒரு வேளைகூட இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதை டொக்டரிடம் சொல்ல வேண்டும், ஏழு நாளை எங்கிருந்து எண்ணுவது என்று அவர் சொல்வார். வேளையைப் பிள்ளையின் பசிக்குப் பொருத்துங்கள். காலை ஏழும் இரவு ஏழும் நல்ல நேரங்கள், நித்திரையில் எழுப்பிக் குடுப்பது தோல்வியில்தான் முடியும். இந்த மருந்துக்கு வெறும்வயிறு தேவையில்லை, சாப்பிட்டபின் குடுத்தால் குமட்டலும் சற்றுக் குறையும். ஆனால் வயிறு புடைக்கச் சாப்பிட்டவுடன் வேண்டாம், ஓங்காளித்தால் எல்லாமே வெளியே வரும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பகலில் "வாய் கைக்குது" என்று அவள் சொன்னால் பொய் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். இந்த மருந்து இரத்தத்திலிருந்து உமிழ்நீரிலும் சுரக்கும், அதனால் சில மணிநேரத்துக்கு வாயில் ஒரு கைப்போ இரும்புச் சுவையோ நிற்கும். மருந்து முடிந்ததும் அது போய்விடும். அதுவரை அவள் சாப்பாட்டை மறுப்பதற்கும் அது ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை: மேலே சொன்னதெல்லாம் கிளாரித்ரோமைசினுக்கு. அடுத்தமுறை வேறு அன்டிபயோட்டிக் எழுதினால் இதையே அதற்குச் செய்யாதீர்கள், பல இடங்களில் நேர் எதிர். செபுரொக்சிம் பாணியை பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், சாப்பாட்டோடுதான் குடுக்க வேண்டும், குளிர்ந்த பழச்சாற்றில் கலந்து உடனே குடுக்கலாம், சூடு மட்டும் ஆகாது. கோ-அமொக்சிகிளாவும் பிரிட்ஜில், ஏழு நாளைக்குள், சாப்பாட்டின் தொடக்கத்தில். குளொக்சசிலின் வெறும்வயிற்றில் போக வேண்டிய மருந்து, அதை ஐஸ்கிரீமில் கலந்தால் உடம்பில் சேருவது குறையும். சிப்ரோபுளொக்சசினைப் பாலிலோ யோகட்டிலோ டின்பாலிலோ கலக்கவே கூடாது, பாலில் உள்ள கல்சியம் மருந்தைப் பிடித்துவைத்து வயிற்றோடு வெளியேற்றிவிடும். பக்கத்து வீட்டு அக்கா "என் மகனுக்கு நான் தோடம்பழச் சாற்றில்தான் குடுத்தேன், குடித்தானே" என்று சொன்னால் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும், மருந்துதான் வேறு.

இன்றும் நாளையும் இந்த முறையில் குடுத்துப் பாருங்கள். இரண்டு வேளை தொடர்ந்து உள்ளே நிற்கவில்லை என்றால் இழுத்தடிக்காமல் டொக்டரிடம் திரும்பிப் போங்கள். அவள் நோய்க்குப் பொருந்துமானால், நாளுக்கு ஒருமுறை மட்டும் சில நாட்களுக்குக் குடுக்கும் அசித்ரோமைசின் போன்ற மாற்றை அவர் யோசிக்கலாம். அதைப் பாமசியில் கேட்டு நீங்களாக மாற்றாதீர்கள். மூச்சு வேகமாகி விலா உள்ளிழுத்தால், தண்ணீரும் இறங்காமல் ஆறு எட்டு மணிநேரம் சிறுநீர் போகாமல் இருந்தால், மருந்துக்குப் பின் உடம்பில் தடிப்புப் போட்டால், முகம் வீங்கினால், அடுத்த வேளையைப் பற்றி யோசிக்காமல் பொரளை சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ கிட்டிய அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ கொண்டு போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

பால் மறுப்பதற்கு: அந்தப் போத்தலை ஒரு வாரம் கண்ணில் காட்டாமல் எடுத்து வையுங்கள். பாலை வேறு நிறக் கோப்பையில், வேறு இடத்தில், மருந்து வேளைக்கு நன்றாகத் தள்ளிக் குடுங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலை ஊற்றி, முதல் மிடறை நீங்களே குடித்துக் காட்டுங்கள். வற்புறுத்த வேண்டாம். இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடுவாள், அதுவரை தண்ணீரும் கஞ்சியும் சூப்பும் போதும்.